பேப்பர் கப்பில் டீ ஒழுகுகிறது: சப்ளையர் அண்ணாச்சிக்கு எழுதிய கடிதத்தைப் பார்த்துச் சொல்லுங்கள்

பாய்லர்க்கடை

எல்லாருக்கும் வணக்கம். திருநெல்வேலியில் டீக்கடை வைத்திருக்கிறேன். கடையில் நின்று குடிப்பவர்களுக்குக் கண்ணாடி கிளாஸ்தான். ஆபீஸ்களுக்கு எடுத்துப் போகிறவர்களும் கிளாஸ் வேண்டாம் என்கிறவர்களும் பேப்பர் கப் கேட்பார்கள்.

ஆறு வருஷமாக ஒரே அண்ணாச்சியிடம்தான் கப் வாங்குகிறேன். இந்த முறை 85 மில்லி கப் 5 பெட்டி எடுத்தேன். ஒரு பெட்டியில் 50 கப் வீதம் 40 பாக்கெட், ஆக 2000 கப். பெட்டி 900 ரூபாய். மொத்தம் 4500 ரூபாயில் 2500 கொடுத்துவிட்டேன், 2000 பாக்கி.

முதல் பெட்டி பிரித்த அன்றே அடியில் ஒழுக ஆரம்பித்தது. ஊற்றியதும் தெரியாது. இரண்டு வாய் குடித்த பிறகு கப்பின் அடி விளிம்பில் ஒரு சொட்டு திரளும், அது விழும், அடுத்தது திரளும். நேற்று லோடு இறக்குகிற ஒரு அண்ணன் பெஞ்சில் உட்கார்ந்து குடித்துக்கொண்டிருந்தார். தொடையில் சுடச்சுட விழுந்ததும் துள்ளி எழுந்தார், மிச்ச டீ கையில் கொட்டியது. குழாயடிக்குக் கூட்டிப்போய்த் தண்ணீர் ஊற்றினேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. எனக்குத்தான் ராத்திரி தூக்கம் வரவில்லை.

போனில் சொன்னால் அண்ணாச்சி, "இரண்டு கப்பாகப் போட்டுக் கொடு" என்கிறார். அதனால் எழுத்தில் கொடுக்கலாம் என்று நினைக்கிறேன். நான் எழுதியது இது:

"அண்ணாச்சிக்கு, நீங்கள் கொடுத்த கப் எல்லாம் ஓட்டை. என் கடைப் பெயரே கெட்டுவிட்டது. ஆறு வருஷப் பழக்கத்துக்கு இதுதான் மரியாதையா? எல்லாப் பெட்டியையும் திரும்ப எடுத்துக்கொண்டு, வீணான டீக்கும் சேர்த்து 3000 ரூபாய் கொடுக்கவும். இல்லையென்றால் வேறு வழி பார்ப்பேன்."

சரியாக இருக்கிறதா?

சுக்குக்காபி

இது ஜிஎஸ்எம் பிரச்சினை, அதாவது பேப்பரின் கனம் போதாது. மெல்லிசான பேப்பரில் கப் போட்டால் இப்படித்தான் ஆகும். சூடான டீ பட்டதும் உள்ளே இருக்கும் பிளாஸ்டிக் பூச்சு உருகிவிடும், பேப்பர் ஊறிவிடும். "ஜிஎஸ்எம் குறைத்து ஏமாற்றிவிட்டீர்கள்" என்று கடிதத்தில் எழுதுங்கள், பயந்துவிடுவார்.

மிஷின்ரூம்

நான் ஒன்பது வருஷம் கப் மிஷின் ஓட்டினேன். பாய்லர்க்கடை அண்ணன் அவசரப்பட்டு ஜிஎஸ்எம் என்று எழுதிவிட வேண்டாம்.

பூச்சு உருகுவதற்கு 105, 110 டிகிரியாவது வேண்டும். கொதிக்கும் தண்ணீரே 100 டிகிரிதான், கப்புக்கு வரும்போது டீ அதைவிடக் குறைவு. அதனால் பூச்சு உருகாது. மெல்லிசான பேப்பர் என்றால் கப் கையில் நசுங்கும், விரல் சுடும். அடியில் சொட்டுவது வேறு சமாச்சாரம். அது ஒட்டின இடத்தில் இருக்கிற கோளாறு.

மிஷினில் கப்பின் பக்கச் சுவராக வரும் பேப்பரை ஒரு உருளையில் சுற்றி இரண்டு ஓரத்தையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்துச் சூட்டில் ஒட்டுவோம். தனி ரீலிலிருந்து வட்டமாக வெட்டின அடித்தட்டு உள்ளே போகும். பிறகு அடியில் சூடான காற்றை அடித்து, ஓரத்தை உள்பக்கம் மடக்கி, பல்லுப்பல்லாக இருக்கும் சக்கரத்தை வைத்து அழுத்துவோம். கப்பைக் கவிழ்த்துப் பார்த்தால் உள்வட்டத்தில் அந்த வரிவரியான தடம் தெரியும்.

பக்கத்து ஜாயிண்ட் வந்து அடியில் சேரும் இடத்தில் மட்டும் பேப்பர் இரட்டையாகிறது. அங்கே ஒரு சின்னப் படிக்கட்டு மாதிரி மேடு வரும். சூடோ அழுத்தமோ கொஞ்சம் குறைந்தால் அந்த மேட்டின் ஓரத்தில் ஊசி போகிற அளவுக்கு இடைவெளி நின்றுவிடும். ஒழுகுகிற கப்பில் பெரும்பாலும் அங்கேதான் ஒழுகும்.

ஒன்று செய்யுங்கள். ஒழுகின கப் ஒன்றையும் ஒழுகாத கப் ஒன்றையும் காயவைத்து, பக்கத்து ஜாயிண்டையும் அடி மடிப்பையும் மெதுவாக உரியுங்கள். நன்றாக ஒட்டியிருந்தால் பேப்பர் பிய்ந்து நார்நாராக வரும். சரியாக ஒட்டாததென்றால் ஸ்டிக்கர் உரிகிற மாதிரி வழவழவென்று வந்துவிடும். பார்த்துவிட்டுச் சொல்லுங்கள்.

வீட்டுவிசேஷம்

எங்கள் வீட்டுக் கிரகப்பிரவேசத்துக்கும் பேப்பர் கப்தான் வாங்கினோம், அதில் பாயசம் ஊற்றினால் விளிம்பு வளைந்து கொட்டியது. 85 மில்லி சின்னது அண்ணா, 150 வாங்குங்கள். எந்தக் கடையில் நல்லதாகக் கிடைக்கும் என்று யாராவது சொன்னால் எனக்கும் உபயோகமாக இருக்கும். அடுத்த மாதம் வளைகாப்பு இருக்கிறது.

மிஷின்ரூம்

அம்மா, அவர் கேட்பது அளவு அல்ல. உங்களுக்கு நடந்தது விளிம்புச் சுருள் சரியில்லாததால் வந்தது. பாயசம் கனமானது, கப்பை முழுக்க நிரப்பி விளிம்பைப் பிடித்துத் தூக்கினால் வளையத்தான் செய்யும்.

பாய்லர்க்கடை

உரித்துப் பார்த்தேன். ஒழுகாத கப்பில் நீங்கள் சொன்ன மாதிரி பஞ்சு போலப் பிய்ந்தது. ஒழுகின கப்பில் பக்கத்து ஜாயிண்ட் மேலே நன்றாகத்தான் பிய்கிறது, அடியில் ஒரு விரற்கடை மட்டும் வழவழவென்று வந்துவிட்டது. அந்த இடத்தில் வரிவரியான தடமும் லேசாகத்தான் இருக்கிறது. மற்ற கப்பில் நகத்தால் தடவினால் தட்டுப்படுகிறது, இதில் தட்டுப்படவே இல்லை.

ஆனால் ஒரு சந்தேகம். பச்சைத் தண்ணீர் ஊற்றிப் பத்து நிமிஷம் வைத்தேன், ஒழுகவில்லை. அண்ணாச்சி முன்னால் இப்படி ஆகிவிட்டால் என் பேச்சு நிற்காதே?

மிஷின்ரூம்

கட்டாயம் அப்படித்தான் ஆகும். அரைகுறையாக ஒட்டினது பச்சைத் தண்ணீருக்குத் தாங்கும். சூட்டில் பூச்சு உருகாவிட்டாலும் இளகும், அப்போது ஒட்டு விட்டுக்கொடுக்கும். சூடான தண்ணீர் சின்ன இடைவெளியிலும் சுலபமாகப் புகும். கொதிக்கவைத்து இறக்கின தண்ணீரில்தான் சோதிக்க வேண்டும்.

பிரிக்காத பெட்டி எத்தனை இருக்கிறது? ஒவ்வொன்றிலும் மேலே, நடுவில், அடியில் என்று மூன்று பாக்கெட் எடுங்கள். பாக்கெட்டுக்குப் பத்து கப். தண்ணீரில் ஒரு சொட்டு நீல இங்க் விட்டு, நியூஸ்பேப்பர் மேல் கப்பை வரிசையாக வைத்து ஊற்றிப் பத்து நிமிஷம் விடுங்கள். கறை பட்ட கப்பில் பேனாவால் பாக்கெட் நம்பர் எழுதிவிடுங்கள். எந்தப் பாக்கெட்டில் எத்தனை என்பதுதான் முக்கியம். மிஷினைக் காலையில் ஆன் பண்ணி ஹீட்டர் முழுச்சூடு வருவதற்கு முன்னால் ஓட்டினால் முதலில் வரும் கப் எல்லாம் அரைகுறைதான். அதை ஒதுக்கிவிட வேண்டும். ஒதுக்காமல் விட்டால், வரிசையாக விழுவதை அப்படியே எண்ணிக் கட்டுவதால், கெட்ட கப் எல்லாம் ஒரே பாக்கெட்டில் போய்ச் சேரும்.

கடைவீதி

நான் வேறு ஊரில் டிஸ்போசபிள் சாமான் மொத்தமாக விற்கிறேன். சப்ளையர் பக்கம் இருந்தும் ஒரு வார்த்தை. ஒழுகுகிறது என்று வருகிறவர்களில் பாதிப் பேர் கப்பைப் பாய்லருக்குப் பக்கத்தில் பிரித்து அடுக்கி வைத்திருப்பார்கள். ஆவி ஏறி ஊறிப்போன கப் இருக்கும், மேலே சர்க்கரை மூட்டை ஏற்றிச் சப்பையான கப் இருக்கும். உங்கள் அண்ணாச்சியும் முதலில் "எங்கே வைத்திருந்தாய்?" என்றுதான் கேட்பார். அதற்குக் கடிதத்திலேயே பதில் இருக்க வேண்டும்.

இரண்டு கப் போடு என்று அவர் சொன்னது தப்பு. உள் கப் ஒழுகுவது வெளிக் கப்பில் தேங்கும், அவ்வளவுதான். குடிக்கிறவர் கப்பைச் சாய்க்கும்போது அது சட்டையில் வழியும். ஒரு டீக்கு உங்களுக்கும் 90 பைசா ஆகிவிடும்.

அப்புறம் அந்த 3000 ரூபாயை எடுத்துவிடுங்கள். கணக்குச் சொல்ல முடியாத தொகையைப் பார்த்தால் நாங்கள் மிச்சத்தையும் நம்ப மாட்டோம். நாங்களும் கம்பெனிக்காரனிடம் வாங்கித்தான் விற்கிறோம். அவனிடம் காட்ட என் கையில் ஏதாவது இருந்தால்தான் நான் உங்களுக்காகப் பேச முடியும்.

பாய்லர்க்கடை

கப் பெட்டி எல்லாம் வீட்டில் முன்னறையில் பலகை மேல்தான் இருக்கிறது. தினமும் காலையில் வேண்டிய பாக்கெட்டை மட்டும் கடைக்குக் கொண்டுபோவேன். மேலே எதுவும் வைப்பதில்லை.

நேற்று ராத்திரி மகளை உட்காரவைத்துச் சோதனை போட்டேன். பிரிக்காத பெட்டி மூன்று, 9 பாக்கெட், 90 கப். மொத்தம் 14 ஒழுகியது. அதில் 11 கப் அடியில் ஜாயிண்ட் சேருகிற இடத்தில், 3 கப் பக்கத்து ஜாயிண்டில்.

பெட்டிவாரியாக மகள் எழுதினது: முதல் பெட்டியில் 4, இரண்டாவதில் 9, மூன்றாவதில் 1. இரண்டாவது பெட்டியில் ஒரு பாக்கெட்டில் மட்டும் பத்துக்கு ஆறு, இன்னொன்றில் மூன்று, அடியில் இருந்த பாக்கெட்டில் ஒன்றுகூட இல்லை. மிஷின்ரூம் அண்ணன் சொன்ன மாதிரியே கொத்தாக இருக்கிறது. பெட்டியில் ஒட்டியிருக்கும் துண்டுச் சீட்டைப் பார்த்தால் முதல் இரண்டும் ஒரே தேதி, மூன்றாவது வேறு தேதி. மகள்தான் கண்டுபிடித்தாள்.

மிஷின்ரூம்

பாப்பாவுக்கு என் பாராட்டைச் சொல்லுங்கள். பெட்டிச் சீட்டுத் தேதி வரைக்கும் பார்த்திருக்கிறாள்!

மூன்றாவது பெட்டியில் வேறு பாக்கெட்டுகளிலிருந்து இன்னொரு 50 கப் பாருங்கள். ஒன்றுமே ஒழுகாவிட்டால் அதை வைத்துக்கொள்ளலாம். நல்லதையும் சேர்த்துத் திருப்பினால் கம்பெனிக்காரன் அந்தப் பெட்டியைக் காட்டியே தப்பித்துக்கொள்வான்.

சுக்குக்காபி

சரி, ஜிஎஸ்எம் இல்லை என்று ஒத்துக்கொள்கிறேன். ஆனால் சூட்டில் பிளாஸ்டிக் கலக்கிறது என்பது உண்மைதானே? ஐஐடி காரக்பூரில் 2020ல் சோதித்துப் பார்த்தார்கள். சூடான தண்ணீரைப் பேப்பர் கப்பில் 15 நிமிஷம் வைத்தால் 100 மில்லியில் 25,000 நுண்துகள் சேருகிறதாம்.

மிஷின்ரூம்

அந்தச் செய்தி உண்மைதான். நன்றாக ஒட்டின கப்பிலும் அது நடக்கும். ஒழுகலுக்கும் அதற்கும் தொடர்பில்லை என்றுதான் சொல்கிறேன்.

சட்டப்பை

வக்கீல் ஆபீசில் குமாஸ்தா வேலை. இரண்டு விஷயம் சொல்ல வேண்டும், இரண்டாவது கசப்பானது.

முதலாவது, சரக்கில் குறை தெரிந்ததும் உடனே எழுத்தில் சொல்லிவிடுங்கள். 1930ஆம் வருஷத்துச் சரக்கு விற்பனைச் சட்டப்படி, நியாயமான காலத்துக்குள் வேண்டாம் என்று சொல்லாமல் சரக்கை வைத்துக்கொண்டிருந்தால் ஏற்றுக்கொண்டதாகத்தான் அர்த்தம். "டீக்கடைக்குச் சூடான டீ ஊற்ற" என்று சொல்லித்தான் வாங்கினீர்கள் என்பதையும் எழுதுங்கள். எதற்கு வாங்குகிறீர்கள் என்று தெரிந்து விற்றவருக்குப் பொறுப்பு உண்டு. பில் இருக்கிறதா?

இரண்டாவது, தமிழ்நாட்டில் பிளாஸ்டிக் பூச்சு உள்ள பேப்பர் கப்புக்கு 2019 ஜனவரி 1 முதல் தடை. கப் உற்பத்தியாளர்கள் சுப்ரீம் கோர்ட் வரைக்கும் போனார்கள். 2023 அக்டோபரில் கப் மீதான தடை செல்லும் என்று தீர்ப்பு வந்துவிட்டது. நீங்கள் வைத்திருக்கும் கப் அந்தத் தடைக்குள் வருவதுதான். அதனால் கோர்ட், நுகர்வோர் ஆணையம் என்று கடிதத்தில் எழுதாதீர்கள். தடைசெய்த சரக்கின் வியாபாரத்துக்கு எந்தக் கோர்ட்டும் பணம் வாங்கித் தராது.

பாய்லர்க்கடை

பில் கிடையாது. அண்ணாச்சி கையெழுத்தில் எஸ்டிமேட் என்று ஒரு துண்டுச் சீட்டுத்தான்.

தடை இருப்பது தெரியும். எங்கள் தெருவில் எல்லாக் கடையிலும் இதே கப்தான் ஓடுகிறது. கொரோனாவுக்குப் பிறகு கிளாஸைத் தொடவே மாட்டேன் என்கிறவர்கள் இருக்கிறார்கள். தப்பில்லை என்று சொல்ல வரவில்லை. படித்ததும் மனசு சங்கடமாகத்தான் இருக்கிறது.

கண்ணாடிகிளாஸ்

மதுரையில் கடை. நான் 2019லேயே பேப்பர் கப்பை நிறுத்திவிட்டேன். ஆபீஸ் பார்சலுக்கு எவர்சில்வர் தூக்கும் பத்து டம்ளரும் சேர்த்துக் கொடுத்துவிடுவேன், பையன் அடுத்த நடைக்குப் போகும்போது எடுத்து வருவான். மாதத்துக்கு நாலைந்து டம்ளர் காணாமல் போகும். வெந்நீர் வைத்துக் கழுவ கூடுதலாக ஒரு ஆள் வேண்டியிருக்கிறது. ஆனால் உங்கள் லோடு அண்ணனுக்கு நடந்தது என் கடையில் நடக்காது. யோசியுங்கள் தம்பி.

கடைவீதி

தண்ணீர் சார்ந்த பூச்சு என்று இப்போது கப் வருகிறது, பிளாஸ்டிக் இல்லை என்று சொல்லி விற்கிறார்கள். விலை கூடுதல். நான் ஒரு லாட் எடுத்தேன், டீக்கு அரை மணி நேரம் தாங்கியது. அடுத்த லாட்டில் பக்கத்து ஜாயிண்டில் பழுப்புக் கோடு விழுந்தது. அது தடைக்குள் வருமா வராதா என்று ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள்.

மிஷின்ரூம்

அந்தப் பழுப்புக் கோடு எல்லாக் கப்பிலும் கொஞ்சம் வரும். ஜாயிண்டில் உள்பக்கத்து ஓரம் வெட்டின பேப்பர்தானே, அதில் பூச்சு கிடையாது, டீயை உறிஞ்சும். கோடு நின்ற இடத்தில் நின்றால் பயமில்லை. அகலமாகிக்கொண்டே போனால்தான் கோளாறு. புதுப் பூச்சுக் கப்பை நான் மிஷினில் ஓட்டினதில்லை, அதனால் அதைப் பற்றிச் சொல்ல மாட்டேன்.

பாய்லர்க்கடை

மூன்றாவது பெட்டியில் 50 பார்த்தாயிற்று. ஒன்றுகூட ஒழுகவில்லை. கடிதத்தைத் திருப்பி எழுதினேன்:

"மதிப்பிற்குரிய அண்ணாச்சி அவர்களுக்கு, வணக்கம்.

இந்த மாதம் உங்களிடம் எடுத்த 85 மில்லி பேப்பர் கப் 5 பெட்டியில் சூடான டீ ஊற்றினால் அடியில் ஒழுகுகிறது. ஒருவர் தொடையிலும் கையிலும் கொட்டிவிட்டது. டீக்கடைக்கு என்று தெரிந்துதான் கொடுத்தீர்கள் என்பதால் எழுதுகிறேன்.

பிரிக்காமல் இருந்த மூன்று பெட்டியிலும் கொதித்து இறக்கின தண்ணீர் ஊற்றிப் பார்த்தேன். 90 கப்பில் 14 ஒழுகியது. அதில் 11 கப், பக்கத்து ஜாயிண்ட் வந்து அடியில் சேருகிற இடத்தில். ஒரே தேதிச் சீட்டு உள்ள இரண்டு பெட்டியில் மட்டும் 13 கப். வேறு தேதி உள்ள பெட்டியில் ஒன்றுதான், அதில் மேற்கொண்டு 50 பார்த்தேன், ஒழுகல் இல்லை. பெட்டிகள் வீட்டில் பலகை மேல்தான் இருந்தன, ஈரம் படவில்லை. ஒழுகின கப்பை உரித்தால் அடியில் பேப்பர் பிய்யாமல் வழவழவென்று வருகிறது. நாலு கப் இத்துடன் வைத்திருக்கிறேன், நீங்களே உரித்துப் பார்க்கலாம். கம்பெனிக்காரரிடமும் காட்டுங்கள்.

ஒரே தேதியுள்ள இரண்டு பெட்டியையும், பிரித்ததில் மிச்சம் உள்ள 28 பாக்கெட்டையும் எடுத்துக்கொள்ள வேண்டும். பெட்டி 1800 ரூபாய், பாக்கெட் 630 ரூபாய், ஆக 2430. என் பாக்கி 2000ஐ அதில் கழித்தால் 430 ரூபாய் எனக்கு வர வேண்டும். அதை அடுத்த சரக்கில் கழித்தாலும் சரி. செலவான கப்புக்கும் மூன்றாவது பெட்டிக்கும் நான் எதுவும் கேட்கவில்லை. வரும் வெள்ளிக்கிழமைக்குள் பதில் சொன்னால் நல்லது. இரண்டு கப் போட்டுக் கொடுப்பதில் ஒழுகல் நிற்கவில்லை, அதை மட்டும் இனி சொல்ல வேண்டாம்.

உங்கள் பழக்கத்தை என்றும் மதிக்கும்,
(கையெழுத்து)"

கடைவீதி

இந்தக் கடிதம் எனக்கு வந்தால் அன்றைக்கே கம்பெனிக்காரனுக்குப் போன் போடுவேன். சோதிச்சதில் நனைந்த கப்பையும் தூக்கிப் போடாமல் பெட்டியோடு கொடுங்கள், எண்ணிக்கை சரியாக இருக்கும்.

சட்டப்பை

கடிதத்தைப் போட்டோ எடுத்து வைத்துக்கொண்டு, கொடுத்த தேதியை நகலில் எழுதி அவரிடம் ஒரு கையெழுத்து வாங்குங்கள். "பெற்றுக்கொண்டேன்" என்று மட்டும் போதும்.

பாய்லர்க்கடை

போய்க் கொடுத்தேன். அண்ணாச்சி முதலில் கடிதத்தைப் படிக்கவே இல்லை, "என்னப்பா, எனக்கே கடிதமா" என்று வருத்தமாகக் கேட்டார். கவரில் இருந்த கப்பை எடுத்து நீட்டினேன். ஒன்றை உரித்தார். அடியில் வழவழவென்று வந்ததும் கடையில் இருந்த வேறு கம்பெனிக் கப் ஒன்றை எடுத்து உரித்தார், அது நார்நாராக வந்தது. இரண்டையும் விளக்கு வெளிச்சத்தில் ரொம்ப நேரம் பார்த்தார். அப்புறம்தான் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கடிதத்தைப் படித்தார்.

பெட்டிகளையும் பாக்கெட்டையும் எடுத்துக்கொள்வதாகச் சொல்லிவிட்டார். பாக்கி 2000 கழிந்தது. 430ஐப் பற்றி மட்டும், கம்பெனிக்காரர் செவ்வாய்க்கிழமை வருவார், அவர் கொடுத்தால்தான் தருவேன் என்கிறார். கையெழுத்துக் கேட்க மனசு வரவில்லை.

லோடு அண்ணன் இன்றைக்கு வந்தார். கண்ணாடி கிளாஸில் கொடுத்தேன். மதுரை அண்ணாச்சி, அந்த எவர்சில்வர் தூக்கு எத்தனை லிட்டர், டீ எவ்வளவு நேரம் சூடாக இருக்கும்?

கண்ணாடிகிளாஸ்

இரண்டு லிட்டர். உள்ளே வெந்நீர் ஊற்றிக் கொட்டிவிட்டு டீயை ஊற்றினால் இருபது நிமிஷம் குடிக்கிற சூட்டில் இருக்கும். அதைத் தாண்டினால் மேலே ஆடை கட்டிவிடும், தூரத்து ஆபீஸுக்குச் சரிப்படாது. அதற்கு என்ன செய்வது என்று நானும் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

வீட்டுவிசேஷம்

வளைகாப்புக்கு 300 கப் வாங்கிவிட்டேன். மிஷின்ரூம் அண்ணா சொன்ன மாதிரி நாலு கப்பை உரித்துப் பார்த்தேன். மூன்று நார்நாராக வந்தது, ஒன்று பாதி இடத்தில் வழவழவென்று இருக்கிறது. திருப்பிக் கொடுத்துவிடவா?